வயிற்றுப் பரிசோதனை: கட்டிலருகே நிற்பது முதல் சொல்லி முடிப்பது வரை

மெடிசின் போஸ்டிங் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு,

தர்மபுரி வார்டில் நான் முதன்முதலாக நின்ற நாட்களில், அப்போது ஹவுஸ் சர்ஜனாக இருந்த அக்கா ஒருவர் மாலை நேரத்தில் எங்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். போகும்போது தன் நோட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். அதில் செய்முறை ஒரு பக்கம், சொல்ல வேண்டியது இன்னொரு பக்கம், எச்சரிக்கையெல்லாம் ஓரத்தில் சிவப்பு மையில் இருக்கும். அதைக் கட்டிலருகே கை நகரும் வரிசையில் சேர்த்து எழுதியிருக்கிறேன். தேர்வில் ஆங்கிலத்தில்தான் சொல்வீர்கள். முதலில் பொருள் தமிழில் மனதில் நின்றுவிட்டால் ஆங்கிலம் தானாக வரும்.

சிவப்பு மையில் அதிகம் வரும் வரி இது: "கைக்குக் கிடைத்ததை மட்டும் சொல்." எந்த உறுப்பானாலும் எங்கே, எவ்வளவு, தொட்டால் எப்படி என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். "லிவர் பெரிதாக இருக்கிறது" என்பது பாதி வாக்கியம்தான்.

தொடும் முன்

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நிறைந்த பிளாடரைக் கட்டி என்று சொன்னவர்கள் உண்டு. நோயாளிக்கு வலப்பக்கம் நில்லுங்கள். தலைக்கு ஒரே தலையணை, கைகள் பக்கவாட்டில். நெஞ்சின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடையின் மேல்பகுதி வரை பார்க்க வேண்டும், ஆனால் திரை இழுத்த பிறகு, தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் விலக்குங்கள். பெண் நோயாளி என்றால் ஒரு நர்ஸ் அக்காவோ உடன் வந்த பெண்ணோ அருகில் இருக்கட்டும். மார்கழிக் காலையில் கை சில்லென்று இருக்கும். தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வையுங்கள், இல்லையென்றால் வயிறு இறுகி எல்லாமே ரிஜிடிட்டி போலத் தெரியும்.

நோயாளியிடம்: "வணக்கம்ங்க ஐயா, நான் படிக்கிற டாக்டர். உங்க வயித்தைத் தொட்டுப் பாக்கட்டுங்களா? எங்க வலிக்குதுன்னு முதல்ல ஒரு விரலால காட்டுங்க. அந்த எடத்தைக் கடைசியாத்தான் தொடுவேன்."

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருபவர்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளவர்கள் நிறைய. "நொப்பி உந்தா?", "நோவு இதெயா?" என்று வலியைக் கேட்கத் தெரிந்தாலே அவர்கள் முகம் தளர்ந்துவிடும். முகம் தளர்ந்தால் வயிறும் தளரும்.

பார்ப்பது

முதலில் கால்மாட்டில் நின்று இரண்டு பக்கமும் சமமா என்று பாருங்கள். பிறகு வலப்பக்கம் வந்து, வயிற்று மட்டத்துக்குக் கண்ணை இறக்குங்கள். மூச்சோடு எல்லாப் பகுதியும் அசைகிறதா? பெரிட்டோனைட்டிஸில் அசைவு நின்றுபோகும். பக்கவாட்டு விலாப்புறங்கள் நிறைந்திருக்கின்றனவா? தொப்புள் உள்வாங்கி இருக்கிறதா, தட்டையா, வெளியே தள்ளியிருக்கிறதா? அசைட்டிஸில் அது கிடைமட்டப் பிளவாக விரியும், கீழ்நோக்கியும் இறங்கும். இடுப்புக்குழியிலிருந்து வளரும் ஓவரிக் கட்டி அதை மேலே தள்ளும்.

தழும்புகளை எண்ணுங்கள். ஆப்பரேஷன் தழும்போடு, காமாலைக்கும் வயிற்று வீக்கத்துக்கும் போட்ட சூட்டுத் தழும்பும் இருக்கலாம். கண்டால், "சூடு எப்பப் போட்டாங்க, எதுக்குப் போட்டாங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நோய் எப்போது தொடங்கியது என்பது அந்தப் பதிலில் கிடைக்கும். கடிந்து பேசினால் அடுத்த கேள்விக்குப் பதில் வராது.

விரிந்த நரம்பு தெரிந்தால், தொப்புளுக்குக் கீழே உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் அதன்மேல் சேர்த்து வைத்து, அழுத்தியபடியே விலக்கி இரத்தத்தை வழித்துவிட்டு, ஒரு விரலை எடுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வேகமாக நிரம்புகிறது என்று பாருங்கள். தொப்புளுக்குக் கீழே ஓட்டம் கீழ்நோக்கி இருந்தால் போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன், மேல்நோக்கி இருந்தால் கீழ்ப் பெருஞ்சிரையில் அடைப்பு. தொப்புளுக்கு மேலே இரண்டிலும் மேல்நோக்கியே போகும், அங்கே பார்த்துப் பயனில்லை.

கடைசியாக, "தலையைத் திருப்பி ஒரு தடவை இருமுங்க" என்று சொல்லி ஹெர்னியா வரும் இடங்களைப் பாருங்கள்.

சொல்லும் விதம்: "வயிறு சமச்சீராக, தட்டையாக உள்ளது. எல்லாப் பகுதியும் மூச்சோடு ஒரே சீராக அசைகிறது. தொப்புள் நடுவில், உள்வாங்கி உள்ளது. தழும்பு, விரிந்த நரம்பு, கண்ணுக்குத் தெரியும் குடல் அசைவு இல்லை. இருமும்போது ஹெர்னியா இடங்களில் புடைப்பு இல்லை."

மேலோட்டமாகத் தொடுவது

உட்கார்ந்தோ மண்டியிட்டோ, முன்கை வயிற்று மட்டத்தில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். "காலை ரெண்டையும் மடக்கி வெச்சுக்கங்க. வாயால மெதுவா மூச்சு விடுங்க." வலி சொன்ன இடத்துக்கு எதிர்மூலையில் தொடங்குங்கள். வலியே இல்லையென்றால் இடது இலியாக் ஃபாஸாவில் தொடங்கி ஒன்பது பகுதிகளையும் சுற்றி வாருங்கள். விரல் நுனியால் குத்தாமல் விரல்களின் பட்டையான பகுதியால் தொடுங்கள். கண் கையைப் பார்க்க வேண்டாம், முகத்தைப் பார்க்கட்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் "ஒண்ணும் இல்லீங்க" என்று வாயால் சொல்லிக்கொண்டே புருவத்தைச் சுருக்குவார்கள். புருவத்தை நம்புங்கள்.

கார்டிங் என்பது தொடும்போது தசை இறுகுவது, பேச்சுக் கொடுத்தால் தளரலாம். ரிஜிடிட்டி என்பது எப்போதும் இறுகியிருப்பது, எதற்கும் தளராது. இரண்டையும் மாற்றிச் சொன்னால் முடிவே மாறிவிடும்.

சொல்லும் விதம்: "வயிறு மென்மையாக உள்ளது. சூடு இல்லை. எங்கும் தொட்டால் வலி, கார்டிங், ரிஜிடிட்டி இல்லை."

லிவர்

வலது இலியாக் ஃபாஸாவில் தொடங்குங்கள். ஆள்காட்டி விரலின் ஓரம் விலா விளிம்புக்கு இணையாக இருக்கட்டும். "நல்லா மூச்சை இழுங்க" என்னும்போது கை அசையாமல் காத்திருக்க வேண்டும், லிவர்தான் இறங்கி வந்து விரலில் இடிக்கும். மூச்சு விடும்போது ஒரு விரலளவு மேலே நகருங்கள்.

கிடைத்தால் மிட்கிளாவிக்குலர் கோட்டில் விலா விளிம்புக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் என்று டேப்பால் அளவிடுங்கள். விரல்கடைக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். பிறகு மேல் எல்லை: மேலிருந்து தட்டிக்கொண்டே இறங்கினால் வழக்கமாக ஐந்தாவது விலா இடைவெளியில் ஒலி மந்தமாகும். அங்கிருந்து கீழ் விளிம்பு வரை உள்ள தூரம்தான் ஸ்பான். பெரியவர்களில் ஏறத்தாழ 6 முதல் 12 சென்டிமீட்டர் வரை இயல்பு. இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், பல வருடம் பீடி குடித்து நுரையீரல் ஊதிப்போனவருக்கு லிவர் கீழே தள்ளப்பட்டுக் கைக்குக் கிடைக்கும், ஆனால் பெரிதாகியிருக்காது. ஸ்பான் எடுக்காமல் ஹெப்பட்டோமெகலி என்று சொல்லவே கூடாது.

சொல்லும் விதம்: "லிவர், வலது விலா விளிம்புக்குக் கீழே மிட்கிளாவிக்குலர் கோட்டில் 4 சென்டிமீட்டர் தொடக் கிடைக்கிறது. மூச்சோடு இறங்குகிறது. விளிம்பு மழுங்கலாக, மேற்பரப்பு வழவழப்பாக, மிதமான கெட்டியாக உள்ளது. தொட்டால் வலி உண்டு, துடிப்பு இல்லை. மேல் எல்லை ஐந்தாவது இடைவெளியில், ஸ்பான் 16 சென்டிமீட்டர்."

ஸ்ப்ளீன்

இதில் நான் தவறியிருக்கிறேன், அதனால் நிறுத்திச் சொல்கிறேன். ஒருமுறை இடது விலாவுக்குச் சற்றுக் கீழே கை வைத்துத் தேடிவிட்டு "ஸ்ப்ளீன் தொடக் கிடைக்கவில்லை" என்றேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்து வலது இலியாக் ஃபாஸாவில் வைத்தார். தொப்புளைத் தாண்டி வந்திருந்த ஸ்ப்ளீன் அங்கே இடித்தது. அதுவரை என் கை அதன் முதுகின்மேலேயே இருந்திருக்கிறது. அந்த நோயாளி, அதற்குமுன் எத்தனை பேர் கை வைத்தபோதும் வலியைப் பொறுத்துப் படுத்திருந்தவர். சரியான இடத்தில் தொடங்கியிருந்தால் அவருக்கு ஒரு தடவை மிச்சம்.

எனவே, எப்போதும் வலது இலியாக் ஃபாஸாவிலிருந்து இடது விலாவை நோக்கிச் சாய்வாக, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சமாக நகருங்கள். இடக்கை இடது கீழ் விலாக்களைப் பின்னாலிருந்து தாங்கட்டும். கிடைக்கவில்லையென்றால், "அப்படியே எம்பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க" என்று வலப்பக்கம் திருப்பி, இடது முழங்காலை மடக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். ஸ்ப்ளீன் இரண்டு மூன்று மடங்கு பெரிதானால்தான் பொதுவாகக் கைக்குக் கிடைக்கும். கிடைக்காத நிலையில் டிராப் இடத்தைத் தட்டிப் பார்த்து அதையும் சொல்லுங்கள்.

இது ஸ்ப்ளீனா, இடது கிட்னியா? கேட்பார்கள். ஸ்ப்ளீனுக்கும் விலாவுக்கும் நடுவே விரல் நுழையாது, உள்விளிம்பில் நாட்ச் இருக்கும், மூச்சோடு கீழும் உள்ளுமாகச் சாய்ந்து நகரும், தட்டினால் மந்தம். கிட்னிக்கு மேலே விரல் நுழையும், முன்னும் பின்னும் கை வைத்தால் பந்துபோல் தள்ளிவிடலாம், முன்னால் குடல் இருப்பதால் தட்டினால் ஒலி இருக்கும்.

கிட்னிகளையும் இதேபோல் இரு கைகளுக்கிடையே பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் "இரு கிட்னிகளும் இருகைத் தொடுதலில் கிடைக்கவில்லை" என்ற ஒரு வரி போதும்.

தட்டுவதும் கேட்பதும்

தொப்புளிலிருந்து விலாப்புறத்தை நோக்கித் தட்டிக்கொண்டே போங்கள், விரல் உடலின் நீளவாக்கில் இருக்கட்டும். மந்தமான இடம் வந்ததும் விரலை எடுக்காமல் நோயாளியை எதிர்ப்பக்கம் திருப்பி, அரை நிமிடம் பொறுத்து, அதே இடத்தில் தட்டுங்கள். ஒலி திரும்பினால் ஷிஃப்டிங் டல்னஸ் உண்டு. பலரும் காத்திருக்காமல் தட்டிவிட்டு இல்லை என்கிறார்கள். நீர் இடம் மாற நேரம் கொடுங்கள். ஃப்ளூயிட் த்ரில்லுக்கு நடுவயிற்றில் ஒரு கையின் ஓரம் வேண்டும், நோயாளியின் கையையே வைக்கச் சொல்லலாம். வயிறு இறுகும் அளவு நீர் இருந்தால்தான் அது கிடைக்கும். அப்படிப்பட்ட வயிற்றில் லிவரையும் ஸ்ப்ளீனையும் டிப்பிங் முறையில், விரல்களைச் சட்டென்று அமிழ்த்தித் தேட வேண்டும்.

குடல் ஒலி இல்லை என்று சொல்லும் முன் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடமாவது கேளுங்கள். லிவர்மேல் புரூயி, ஸ்ப்ளீன்மேல் உராய்வு, தொப்புளுக்கு மேல் இரு பக்கமும் ரீனல் புரூயி.

எழுப்பி உட்காரவைத்து முதுகில் ரீனல் ஆங்கிள், இடது காறை எலும்புக்கு மேல் நிணநீர்க் கட்டி. "பிறப்புறுப்புப் பரிசோதனையும் மலக்குடல் பரிசோதனையும் செய்து முடிக்க விரும்புகிறேன்" என்று சொல்லி, போர்வையை மூடிவிட்டு, நன்றி சொல்லுங்கள்.

முழுதாக ஒருமுறை

பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த 46 வயது கேழ்வரகு விவசாயி, இருபது வருடக் குடிப்பழக்கம், மூன்று மாதமாக வயிறு வீக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு விட்டு, நிதானமாக இப்படிச் சொல்லுங்கள்:

"வயிறு சமச்சீராகப் பெருத்து, விலாப்புறங்கள் நிறைந்துள்ளன. தொப்புள் கிடைமட்டப் பிளவாக, கீழிறங்கி உள்ளது. தொப்புளைச் சுற்றி விரிந்த நரம்புகள், ஓட்டம் தொப்புளிலிருந்து வெளிநோக்கி. மேல்வயிற்றில் இரண்டு பழைய சூட்டுத் தழும்புகள். வயிறு மென்மையாக உள்ளது, வலி இல்லை. லிவர் தொடக் கிடைக்கவில்லை, மேல் எல்லை ஐந்தாவது இடைவெளியில், தட்டி அளந்த ஸ்பான் 7 சென்டிமீட்டர். ஸ்ப்ளீன் இடது விலா விளிம்புக்குக் கீழே அதன் அச்சில் 4 சென்டிமீட்டர், மிதமான கெட்டி, வழவழப்பு, வலி இல்லை, நாட்ச் தெரிகிறது, மேலே விரல் நுழையவில்லை. கிட்னிகள் கிடைக்கவில்லை. ஷிஃப்டிங் டல்னஸ் உண்டு, ஃப்ளூயிட் த்ரில் இல்லை. குடல் ஒலி கேட்கிறது, புரூயி இல்லை. தொப்புள் மட்டத்தில் சுற்றளவு 94 சென்டிமீட்டர். மிதமான அசைட்டிஸும் ஸ்ப்ளீன் வீக்கமும் உள்ளன, போர்ட்டல் ஹைப்பர்டென்ஷனோடு பொருந்துகின்றன."