நாலு பெட்டி, ஒரே ஓட்டு

(கரூர் மக்களவைத் தொகுதி, அரவக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. 19 ஏப்ரல் 2024, காலை 6.40. வராண்டா படியில் நின்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பேசியது.)

வணக்கம்ங்க, எல்லாருக்கும் வணக்கம். நல்ல வெயில் ஏறுறதுக்குள்ள வந்துட்டீங்க, சந்தோஷம். ஓட்டுப்பதிவு சரியா 7 மணிக்கு ஆரம்பிக்கும். அதுக்கு இன்னும் இருவது நிமிஷம் இருக்கு. பந்தலுக்குள்ள வந்து நில்லுங்க, தண்ணி அந்தத் திண்ணையில வச்சிருக்கு. ஆம்பளைங்க இடது பக்கம், பொம்பளைங்க வலது பக்கம். வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க, கர்ப்பிணிங்க, கைக்குழந்தைக்காரங்க வரிசையில நிக்கவே வேண்டாம், நேரா மேல வாங்க. யாரும் முகம் சுளிக்கப்படாது.

நான் குளித்தலைப் பக்கம். பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். இன்னிக்கு மட்டும் உங்க ஊர்ல தலைமை அலுவலர். அதனால உங்க ஊர்ல யார் எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டியதில்லை.

இதுல முதல் தடவையா ஓட்டுப் போடறவங்க யாரு? கையைத் தூக்குங்க. ஒண்ணு, ரெண்டு... ஆறு பேரா? அங்க தாத்தா எதுக்குக் கை தூக்குறாரு? சரி சரி, தூக்கட்டும். நீங்க ஆறு பேரும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுகளா.

முதல்ல கையில என்ன இருக்குன்னு பாத்துக்குங்க. வீடு வீடா குடுத்த பூத் சிலிப் இருக்கா? நல்லது, அதுல இருக்கிற பாகம் எண்ணும் வரிசை எண்ணும் பேர் தேடறதுக்கு உதவும். ஆனா அது அடையாள அட்டை இல்லை. வாக்காளர் அட்டை வேணும். அது இல்லைன்னா ஆதார், டிரைவிங் லைசென்ஸ், பான் கார்டு, பாஸ்போர்ட், போட்டோ ஒட்டின பேங்க் இல்லன்னா போஸ்டாபீஸ் பாஸ்புக்கு, நூறு நாள் வேலை அட்டை, இதுல எதாவது ஒண்ணு போதும். ரேஷன் ஸ்மார்ட் கார்டு செல்லாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் நாலு பேராவது அதைத்தான் நீட்டுறாங்க. அதை எடுத்துட்டு வந்தவங்க இப்பவே வீட்டுக்குப் போய் மாத்திட்டு வந்துருங்க, வரிசையில உங்க இடத்தைப் பக்கத்துல இருக்கிறவங்க பாத்துக்குவாங்க.

போன் உள்ள கூடாது. ஆஃப் பண்ணி பையில வச்சிருக்கேன்னு சொன்னாலும் கூடாது. கூட வந்தவங்ககிட்ட குடுத்துட்டு வாங்க. விரல்ல மை வச்ச போட்டோவை வெளிய போய் ஆசை தீர எடுத்துக்கலாம்.

உள்ள மூணு மேஜை இருக்கு. முதல் மேஜையில இருக்கிற சார் உங்க அட்டையை வாங்கி, வரிசை எண்ணையும் பேரையும் சத்தமா படிப்பாரு. எதுக்கு ஊருக்கே கேக்கற மாதிரி கத்தறாருன்னு நினைக்காதீங்க. பின்னால பெஞ்சுல கட்சி ஏஜெண்டுகள் உக்காந்திருக்காங்க, அவங்க கையிலயும் பட்டியல் இருக்கு. ஆள் மாறி வந்தா அவங்க அங்கயே ஆட்சேபணை சொல்லணும், அதுக்குத்தான் அந்தச் சத்தம்.

ரெண்டாவது மேஜை டீச்சரம்மாகிட்ட இடது கையை நீட்டுங்க. ஆள்காட்டி விரல்ல, நகத்து மேலிருந்து முதல் கணு வரைக்கும் கோடு மாதிரி மை வைப்பாங்க. உடனே துடைச்சுராதீங்க, காயட்டும். மருதாணி வச்சிருந்தாலும் பரவாயில்லை. அது மைசூர்ல தயாராகிற மை, 1962 தேர்தல்ல இருந்து வச்சிட்டிருக்கோம். வெள்ளி நைட்ரேட் கலந்தது, வெயில் பட்டா கறுக்கும். சோப்புக்கெல்லாம் போகாது, நகம் வளந்து போனாத்தான் உண்டு. பெறகு பதிவேட்டுல கையெழுத்து. ஒரு சின்னச் சீட்டு குடுப்பாங்க. அதை மூணாவது மேஜையில குடுத்தா, அவரு விரல் மையைப் பாத்துட்டு தன் பெட்டியில ஒரு பட்டனை அமுக்குவாரு. அப்பத்தான் மறைப்புக்குள்ள இருக்கிற மெஷின் உங்களுக்காகத் திறக்கும்.

இப்ப சொல்றதைத்தான் நல்லாக் கேக்கணும். நம்ம தொகுதியில 54 பேர் நிக்கறாங்க. அதோட நோட்டா, ஆக 55. ஒரு பெட்டியில 16 பட்டன்தான். அதனால உள்ள நாலு பெட்டியை வரிசையா வச்சிருக்கோம். நாலு பெட்டி இருக்கு, அதனால நாலு ஓட்டுன்னு நினைச்சுக்காதீங்க! நாலுக்கும் சேர்த்து ஒரே அமுக்கு. முதல் பெட்டியில 1 முதல் 16, அடுத்ததுல 32 வரைக்கும், மூணாவதுல 48 வரைக்கும், கடைசிப் பெட்டியில மீதி ஆறு பேரு, அதுக்குக் கீழ 55ஆவதா நோட்டா. முதல்ல அமுக்கினது எதுவோ அதுதான் கணக்கு. பெறகு எத்தனை தடவை அமுக்கினாலும் மெஷின் அசையாது.

ஒரே மாதிரிப் பேரு ரெண்டு மூணு இருக்கும். அவசரப்பட்டு பேரை மட்டும் பாத்து அமுக்காதீங்க. பேரு, போட்டோ, சின்னம் மூணையும் பாருங்க. யாரும் உங்களை விரட்ட மாட்டாங்க.

அமுக்கினதும் சின்னத்துக்குப் பக்கத்துல சிவப்பு விளக்கு எரியும். உடனே ஓடி வந்துராதீங்க. முதல் பெட்டிக்குப் பக்கத்துல கண்ணாடி வச்ச இன்னொரு பெட்டி இருக்கும். அதுல உங்க வேட்பாளரோட எண், பேரு, சின்னம் அச்சடிச்ச துண்டுச் சீட்டு ஏழு செகண்டு தெரியும். பெறகு தானா அறுந்து கீழ விழுந்துரும். அதை எடுக்க முடியாது, கேக்கவும் கூடாது. நீளமா ‘பீப்’னு சத்தம் கேட்டா உங்க ஓட்டு பதிவாயிருச்சு. அந்த ஏழு செகண்டைப் பாக்காம வந்துட்டு, சாயங்காலம் டீக்கடையில உக்காந்து மெஷின் மேல சந்தேகப்படறவங்களைத்தான் என்னால தாங்க முடியலை.

என்ன சாமி? ‘உள்ள போய்ப் புரியலைன்னா?’ நல்லாக் கேட்ட. மறைப்புக்குள்ள போனதும் கூப்பிட்டா நான் உள்ள வர மாட்டேன், வரக்கூடாது. வெளிய வந்துரு. எங்கிட்ட அட்டையில செஞ்ச மாதிரிப் பெட்டி ஒண்ணு இருக்கு, பொய்யான பேரு போட்டது. ஏஜெண்டுகள் பாக்க அதுல காட்டித் தருவேன், திரும்பிப் போய்ப் போடு. யாருக்குப் போடறதுன்னு மட்டும் கேட்டுராதே.

பாட்டிக்குக் கண்ணு தெரியலைங்களா? பெட்டியில பிரெயில் இருக்கு. தனியா முடியலைன்னா பேத்தி கூட வரலாம், 18 வயசு ஆகியிருக்கணும். பேத்தி ஒருத்தருக்குத்தான் துணை போகலாம். பாட்டி யாருக்குப் போட்டாங்கன்னு வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அவளுக்கு வலது விரல்ல மை.

உங்க பேர்ல வேற யாரோ ஏற்கெனவே போட்டுட்டுப் போயிருந்தா, திரும்பிப் போயிராதீங்க, எங்கிட்ட வாங்க. நீங்கதான் அந்த ஆளுன்னு உறுதியானா உங்களுக்குக் காகித வாக்குச்சீட்டு உண்டு.

எனக்கும் உங்க வயசுதான் அப்ப. 1989 ஜனவரியில சட்டசபைத் தேர்தல், எனக்கு 19. 21 ஆனாத்தான் ஓட்டுங்கிற காலம், அப்பாவோட சைக்கிளைப் பிடிச்சுட்டு வெளிய நின்னேன். அதே வருஷம் மார்ச்சுல வயசை 18 ஆக்கிட்டாங்க. நவம்பர்ல மக்களவைத் தேர்தலுக்கு நானும் போட்டேன். காகிதத்துல முத்திரை குத்தணும். கை நடுங்குச்சு. ஈரம் காயாம மடிச்சா இன்னொரு சின்னத்துலயும் மை ஒட்டிக்கும்னு பயந்து, ஊதிக்கிட்டே நின்னேன். உள்ளிருந்த சார் ‘தம்பி, பாயசமா ஆத்துற?’ன்னு கேட்டாரு.

மாதிரி வாக்குப்பதிவு விடியக்காலையிலயே ஏஜெண்டுகள் முன்னால முடிஞ்சுது. 55 பட்டனையும் அமுக்கிப் பாத்து, கணக்கைச் சரிபாத்து, எல்லாத்தையும் அழிச்சாச்சு. அந்தச் சீட்டுகளைக் கறுப்பு உறையில போட்டு சீல் வச்சாச்சு. இப்ப மெஷின்ல இருக்கிறது பூஜ்யம். சாயங்காலம் 6 மணிக்கு வரிசையில நிக்கிற கடைசி ஆள்ல இருந்து டோக்கன் குடுத்துட்டு வருவோம். டோக்கன் வாங்கினவங்க எத்தனை மணி ஆனாலும் போடலாம், அதுக்கு மேல வர்றவங்களுக்குக் கிடையாது. வீட்ல தூங்கிட்டிருக்கிறவங்களுக்குச் சொல்லிருங்க.

மணி ஏழு. முதல்ல பாட்டியும் பேத்தியும் வாங்க. படி பாத்து, பாட்டி.