உன் ரெஸ்யூமே போட்டோவைப் பற்றி

அன்புள்ள மாலினி,

நீ அனுப்பிய ரெஸ்யூமேவை நேற்று இரவே படித்துவிட்டேன். கணக்குப் பிரிவில் நீ பார்த்த வேலைகளை எழுதியிருக்கும் விதம் தெளிவாக இருக்கிறது. அதில் கை வைக்க ஒன்றுமில்லை. போட்டோதான் உறுத்துகிறது. கேட்டதால் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அந்தப் படத்தில் நீ அழகாகத்தான் இருக்கிறாய். ஆனால் அது ஏதோ விசேஷத்தில் எடுத்த படம் என்று பார்த்ததுமே தெரிகிறது. உன் இடது தோளில் யாருடைய விரல்களோ இருக்கின்றன. பக்கத்தில் நின்றவரை வெட்டிவிட்டாய், விரல்களை மறந்துவிட்டாய்! பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். அப்புறம் அந்த ஃபில்டர். உன் புருவத்துக்கு மேலே இருக்கும் சின்னத் தழும்பைக்கூட அது துடைத்துவிட்டது. நேர்முகத் தேர்வுக்குப் போய் உட்காரப்போவது தழும்போடு இருக்கிற நீதான். கையில் இருக்கும் தாளையும் எதிரே இருக்கும் முகத்தையும் அவர்கள் மாறி மாறிப் பார்க்கும் நிலைமை உனக்கு வேண்டாம்.

இன்னொன்று, முகம் கொஞ்சம் ஒட்டி நீண்டு தெரிகிறது. வேர்டில் படத்தைப் பெட்டிக்குள் பொருத்த மேல்பக்கப் புள்ளியைப் பிடித்து இழுத்திருப்பாய் என்று நினைக்கிறேன். மூலையில் இருக்கும் புள்ளியைப் பிடித்து இழுத்தால் அளவு மாறும், வடிவம் மாறாது. அப்படியும் பெட்டிக்குள் அடங்கவில்லை என்றால் ஓரத்தை வெட்டிக்கொள், இழுக்காதே.

இதைச் சரிசெய்துகொண்டிருப்பதைவிடப் புதிதாக எடுப்பதே மேல். ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும் என்றில்லை, உன் போனே போதும். ஆனால் செல்ஃபி வேண்டாம். கை நீளத்துக்குள் வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது உள்ளே போனது போலவும் விழும். அது உன் முகத்தின் குறையில்லை, கேமரா அவ்வளவு கிட்டே இருப்பதன் விளைவு. ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில், உன் கண் மட்டத்தில் வைத்து யாரையாவது எடுக்கச் சொல். ஆள் இல்லையென்றால் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து, டைமர் வைத்துக்கொள். முதலில் லென்ஸைத் துணியால் துடை. படங்கள் மங்கலாக வருவது பல நேரம் விரல் பிசுக்கால்தான்.

வெளிச்சம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். காலையில் ஜன்னலைப் பார்த்து நில், முதுகைக் காட்டி நிற்காதே. வெயில் நேராக முகத்தில் அடிக்கக் கூடாது, அடித்தால் கண் சுருங்கிவிடும். மெல்லிய திரை இருந்தால் இழுத்து விடு. தலைக்கு மேலே எரியும் விளக்கை அணைத்துவிடு, அந்த மாதிரி விளக்குதான் இப்போதைய படத்தில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழ வைத்திருக்கிறது. மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் பிரதிபலித்தால் முகத்தைச் சற்றே திருப்பிப் பார். கண்ணாடியைக் கழற்றிவிடாதே, தினமும் போடுகிறாய் அல்லவா.

பின்னால் வெறும் சுவர் இருந்தால் போதும், அதிலிருந்து ஓரடியாவது தள்ளி நில், நிழல் ஒட்டாது. போர்ட்ரெய்ட் மோடு உன் சுருட்டை முடியின் ஓரங்களைத் தின்றுவிடும், தவிர்த்துவிடு. உடைக்கு அந்தக் கருநீலக் குர்தாவே சரி. பொடிக்கட்டம் போட்டது வேண்டாம், சின்னதாக அச்சிடும்போது கோடு கோடாக அலையும்.

சிரிப்பைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. "சிரி" என்று சொன்னால் நீ உதட்டை இறுக்கிக்கொள்கிறாய். அதனால் எடுக்கிறவரோடு பேசிக்கொண்டே இரு, அவர் பாட்டுக்கு முப்பது நாற்பது எடுக்கட்டும். ஏதோ ஒன்றில் நீயே வந்து விழுவாய்.

அனுப்பும்முன் ஒரு கேள்வி: எல்லா இடத்துக்கும் போட்டோ தேவைதானா? விளம்பரத்தில் கேட்காவிட்டால் நான் வைக்க மாட்டேன். அமெரிக்கா, பிரிட்டன் நிறுவனங்களுக்குப் பொதுவாகப் படம் இல்லாமல்தான் அனுப்புவார்கள், பாரபட்சம் வரக் கூடாது என்பதற்காக. அதனால் படம் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று இரண்டு பிடிஎஃப் வைத்துக்கொள். படம் இல்லாத பிரதியில் அந்த இடத்தைக் காலியாக விடாமல் முகவரியை மேலே ஏற்று.

எடுத்த பிறகு பிடித்த நாலைந்தை எனக்கு அனுப்பு, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பு. போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், தரத்தைச் சொல்ல முடியாது. ஞாயிறு மாலை நான் சும்மாதான் இருப்பேன், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
வித்யா