ரெண்டு ஷட்டர்

ராத்திரி ஒம்பதரைக்கு ஷட்டர பாதி எறக்கிட்டு இசக்கி லேப்டாப்ப எடுத்து கல்லா மேல வச்சான், அக்கா உமா அன்னைக்கு கலெக்சன எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக்கிட்டு இருந்தா. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் அப்பா ஆரம்பிச்ச மளிகைக்கடை, அவர் போனப்புறம் ரெண்டு பேரும்தான் பாக்குறாங்க. இப்ப கேடிசி நகர்ல மெயின்ரோட்டுலயே ரெண்டு ஷட்டர் கடை ஒண்ணு வாடகைக்கு வந்துருக்கு, 18,000 வாடகை, பத்து மாச அட்வான்ஸ், நாளைக்குள்ள பதில் சொல்லணும்.

"எக்கா இதப் பாரு, ஒரு நாளைக்கு 22 ஆயிரம் வியாபாரம், 12 பர்சன்ட் லாபம், மாசம் 79 ஆயிரம் நிக்கும். வாடகை, ரெண்டு பசங்க சம்பளம், கரண்ட்டு, முத்ரா லோன் எட்டு லட்சத்துக்கு ட்யூ 17,400 எல்லாம் போக கையில 12,800. இது முத மாசம், அப்புறம் மாசாமாசம் 10 பர்சன்ட் ஏறும்."

உமா கடைசி வரிசைய பாத்தா.

"ஏலே, பன்னெண்டாவது மாசம் ஒரு நாளைக்கு 62 ஆயிரம்னு காட்டுது. முப்பது வருசமா இருக்க இந்தக் கடைக்கே முப்பதாயிரம்தான் ஓடுது. எங்க இருந்துலே வரும்?"

"அது ஃபார்முலா போட்டது, அப்படியேவா நடக்கும்."

"நடக்காதுன்னா எதுக்குப் போட்ட? பேங்க் மேனேஜருக்கு காட்டவா, நமக்கா?"

அவன் ஒண்ணும் சொல்லாம அந்த 10 பர்சன்ட்ட 3ன்னு மாத்துனான். உமா விடல, கணக்குன்னு வந்துட்டா அவ அப்படித்தான், அப்பாவும் அப்படித்தான் இருந்தாரு.

"12 பர்சன்ட் யாரு சொன்னா? அரிசி, எண்ணெய், சீனி மூணுலயே பாதி வியாபாரம் போயிருது, அதுல அஞ்சு நின்னா பெருசு. மல்லி, வத்தல், சீரகம் லூஸ்ல போட்டாதான் பதினஞ்சு. ரெண்டையும் சேத்தா பத்து வச்சுக்கோ."

"சரி பத்து."

"அடுத்தது இந்த 22 ஆயிரம். கேடிசி நகர்ல இருந்து நமக்கு வாட்ஸாப்ல லிஸ்ட் போடுத வீடு நாப்பது இருக்கு. வீட்டுக்கு மாசம் ஆறாயிரம்னாலும் நாளைக்கு எட்டாயிரம் வருது. கட அங்க வந்தா அவங்க அங்கதான வாங்குவாங்க? இங்க இருந்து போற எட்டாயிரத்த அங்க வரவுல எழுதிட்டு, இங்க கொறைக்காம விட்டுருக்க. புதுசா வாரது பதினாலுதான்."

இசக்கி மூஞ்சி மாறிப்போச்சு. ஆனா அவனும் சும்மா வரல. போன எடுத்து ஒரு வீட்டு லிஸ்ட்ட தேடி ரெண்ட காட்டுனான், ஒண்ணு 2023ல வந்தது, ஒண்ணு போன வாரம் வந்தது.

"நீ மொதல்ல இத படி. அப்ப சோப்பு, பேஸ்ட்டு, பிஸ்கட், ஹார்லிக்ஸ்னு 38 ஐட்டம். இப்ப பதினாலு. அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் நம்மகிட்ட. மத்ததெல்லாம் வீட்டுக்குப் பக்கத்துல வாங்கிக்கிடுதாங்க. பில் மெசின்லயும் பாத்துட்டேன், அப்ப ஒரு நாளைக்கு 210 பில்லு, இப்ப 160. அந்த எட்டாயிரம் என்னைக்கும் நம்மதுதான்னு நீ நெனைக்கது மட்டும் என்னக்கா? அதுவும் ஊகம்தான."

உமா ரெண்டு லிஸ்ட்டையும் வாங்கி மேலயும் கீழயும் ஓட்டிப் பாத்தா. தினமும் இந்த லிஸ்ட்ட வாசிச்சு சரக்கு எடுத்துப் போடச் சொல்றது அவதான், ஒவ்வொண்ணா வரும்போது தெரியல, பக்கத்துல பக்கத்துல வச்சாதான் தெரியுது.

"இத ஏன்லே மொதல்லயே சொல்லல? 10 பர்சன்ட் ஏறும்னு சொன்னதுக்குப் பதிலா இதச் சொல்லிருந்தா நான் அப்பவே உக்காந்துருப்பேன்லா."

"சொன்னா நீ பயந்துருவன்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. பெறகு உமாதான் ஆரம்பிச்சா, ஜிஎஸ்டி பத்தி. இப்ப காம்போசிசன்ல இருக்காங்க, ஒரு பர்சன்ட் கட்டுனா போதும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ. அதுக்கு லிமிட் ஒண்ணரைக் கோடி. இந்தக் கடை வருசத்துக்கு ஒரு கோடியே எட்டு லட்சம், புதுக்கடையில வேற ஒரு 54 லட்சம் ஓடுனாலே தாண்டிரும், ஒரே பான் நம்பர்ங்கதால ரெண்டையும் சேத்துதான் எண்ணுவாங்க. லூஸ்ல விக்கிற அரிசி பருப்புக்கு வரி இல்லன்னாலும் லிமிட் பாக்கும்போது அதுவும் உள்ள வந்துரும். நெறைய பேரு இங்கதான் மாட்டிக்கிடுதாங்க.

"தாண்டுனா ரெகுலருக்குப் போவோம், வாங்கும்போது கட்டுன வரிய கழிச்சிக்கிடலாம்லா, நல்லதுதான?"

"நல்லதுதான். மாசாமாசம் வரி கட்டணும், வாங்குன பில்லு ஒவ்வொண்ணையும் சரிபாத்து ரிட்டர்ன்ல ஏத்தணும், அத யாரு செய்வா?"

"நீ இருக்கேல்லா."

"நீ புதுக்கடைக்குப் போயிட்டா காலையில அஞ்சு மணிக்கு லோடு எறக்குறது?"

"நீ..." பாதியிலயே நிறுத்திட்டான்.

"கல்லா?"

பதில் இல்ல.

உமா லேப்டாப்ப தன் பக்கம் திருப்பி சம்பளம்ங்கிற எடத்துல வெரல வச்சா. "பசங்க ரெண்டு பேருக்கு 12,000 12,000ன்னு போட்டுருக்க, நல்லது, அதுக்குக் கொறைச்சா எவனும் நிக்கமாட்டான். என் பேரு எங்கலே? கல்யாணம் ஆகி நான் இந்தா மகாராஜ நகர்ல இருக்கேன், காலையில பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு இங்க வாரேன், ராத்திரி பத்து மணிக்குப் போறேன். உங்க மச்சான் ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்ல. ஆனா இந்தக் கணக்குல நான் சும்மா கெடைக்கிற ஆளுன்னு எழுதிருக்க பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கல. நாளைக்கு எனக்கு ஒடம்பு முடியலன்னா என் எடத்துல ஒரு ஆள வைக்கணும்லா, அன்னைக்கு இந்தக் கட நட்டத்துல ஓடுனது தெரியும்."

இசக்கி கீழ குனிஞ்சுக்கிட்டான். "அப்படி நெனச்சு போடலக்கா."

"தெரியும்லே. நெனைக்காமப் போட்டதுதான்."

அவனே ஒரு வரி சேத்து 'அக்கா சம்பளம் 15,000'ன்னு அடிச்சான். சேத்துட்டு அந்தப் பத்து பர்சன்ட் லாபத்த வச்சு எவ்வளவு வித்தா கையக் கடிக்காதுன்னு பாத்தா, நாளைக்கு 27 ஆயிரம் வித்தாகணும். பதினாலு எங்க, இருபத்தேழு எங்க.

"அப்ப வேண்டாம்னு சொல்லிரவா?" குரல் உள்ள போயிருச்சு.

"வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்? அந்த லிஸ்ட்ட பாத்தப்புறம் இங்கேயே உக்காந்துருக்கவும் எனக்கு மனசில்ல. ரெண்டு ஷட்டர் எதுக்கு? ஒண்ணு எடு. ஃப்ரீசர் இப்ப வேண்டாம், ஒரு பையன் போதும். லோன் நாலு லட்சம்."

மறுபடியும் தட்டுனான். வாடகை பாதியா 9,000, சம்பளம் 12,000, கரண்ட் 3,000, ட்யூ 8,700, அக்கா 15,000. மொத்தம் 47,700. நாளைக்கு 15,900 வித்தா போதும்.

"பதினாலுக்கும் இதுக்கும் ரெண்டாயிரம் கூட இல்லக்கா."

"அந்த ரெண்டாயிரம் சோப்பு பிஸ்கட்ல இருந்து வரணும். அத எப்படி இழுக்கணும்னு நீ யோசி, அது உனக்குத்தான் வரும்."

மணி பத்தேகால். பில்டிங்காரர் தூங்கிருக்கமாட்டாருன்னு இசக்கி போன் போட்டான், ஸ்பீக்கர்ல. ஒத்த ஷட்டர் மட்டும்னா 11,000, அட்வான்ஸ் அதே பத்து மாசம்னு அவர் சொன்னாரு. இசக்கி போன கையால பொத்திக்கிட்டு அக்காவ பாத்தான். உமா 9,000த்த அழிச்சுட்டு 11,000 போட்டா, 16,567ன்னு காட்டுச்சு.

"பத்துன்னு கேளு," மெதுவா சொன்னா. "அட்வான்ஸ் ஆறு மாசம். அதுக்கு மேல ஒரு பைசா இல்லன்னு சொல்லு."