ஆறு மாதம், ஒரு டை, 900 பாடி: லாட் அளவைக் கணக்கிடுவது எப்படி

கோயம்புத்தூர் பக்கம் பம்ப் மோட்டாருக்கு அலுமினியம் பாடி வார்த்துத் தரும் சிறிய டை காஸ்டிங் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்தவை. நிலைமை அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே மெஷினில் பல டைகள், அதாவது வார்ப்பு அச்சுகள், மாறி மாறி ஏறும். நம் பாடிக்கான டையை ஏற்றிச் சூடேற்றி, முதல் ஷாட்களைக் கழிவில் போட்டு, நல்ல உருப்படி வரும்வரை ஆகும் செலவு, அதாவது செட்டப் செலவு, 15,000 ரூபாய். ஒரு பாடியில் ஏறக்குறைய 1,000 ரூபாய் முடங்குகிறது. வட்டி, இடவாடகை எல்லாம் சேர்த்து மாதம் 2 சதவீதம் என்றால், ஒரு பாடியை ஒரு மாதம் வைத்திருக்க 20 ரூபாய். ஜனவரி முதல் ஜூன் வரை தேவை 400, 250, 700, 900, 800, 300. கோடையில் பம்ப் விற்பனை ஏறுவது தேவையிலேயே தெரிகிறது. தொடக்க ஸ்டாக் இல்லை.

எந்த மாதம் டையை ஏற்றுவது, ஏற்றினால் எத்தனை வார்ப்பது? இதுதான் கேள்வி. ஒரு தடவை டை ஏறினால் வார்க்கும் எண்ணிக்கைதான் லாட் அளவு.

பலரும் முதலில் எடுப்பது 1913-இல் ஹாரிஸ் எழுதிய வர்க்கமூலச் சூத்திரம். சராசரித் தேவை மாதம் 558 என்று போட்டால் லாட் அளவு 915 வருகிறது. ஸ்டாக் போதாத மாதமெல்லாம் 915 வார்த்துப் பாருங்கள்: நான்கு செட்டப், மாதக் கடைசி ஸ்டாக் எல்லாம் கூட்டினால் 2,675, மொத்தச் செலவு 1,13,500 ரூபாய். கணக்கே போடாமல் மாதாமாதம் டை ஏற்றி அன்றன்றைய தேவையை மட்டும் வார்த்திருந்தால் 90,000-தான். சூத்திரத்தில் தப்பில்லை. தேவை சீராக இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட சூத்திரம் அது, நம் தேவை சீராக இல்லை.

இனி மாடல். ஒவ்வொரு மாதம் `t`-க்கும் மூன்று மாறிகள். `x[t]` வார்க்கும் எண்ணிக்கை, `s[t]` மாதக் கடைசி ஸ்டாக், `y[t]` டை ஏறினால் 1, ஏறாவிட்டால் 0. குறைக்க வேண்டியது `15000*y[t] + 20*s[t]` என்பதன் கூட்டுத்தொகை. ஸ்டாக் சமன்பாடு `s[t-1] + x[t] = d[t] + s[t]`, இதில் `d[t]` அந்த மாதத் தேவை. இவை இரண்டும் யாருக்கும் உடனே புரியும். மாடலின் உயிர் மூன்றாவது வரியில் இருக்கிறது:

`x[t] <= M[t] * y[t]`

`y[t]` 0 என்றால் ஒரு பாடிகூட வார்க்க முடியாது. 1 என்றால் `M[t]` வரை வார்க்கலாம், ஆனால் 15,000 வைத்துவிட்டு. ஒரு பாடி வார்த்தாலும் 900 வார்த்தாலும் அதே 15,000 என்ற படிக்கட்டுச் செலவை நேர்கோட்டுச் சமன்பாடுகளுக்குள் கொண்டுவர இந்த பைனரி மாறி இல்லாமல் முடியாது. `x`, `s` இரண்டையும் முழுஎண் என்று அறிவிக்கத் தேவையில்லை. எந்தெந்த மாதம் டை ஏறும் என்று முடிவானதும் மிச்சமிருப்பது வலைப்பின்னல் ஓட்டக் கணக்கு. தேவையும் கொள்ளளவும் முழுஎண்ணாக இருந்தால் அதில் முழுஎண் விடை தானாகவே கிடைக்கும்.

`M[t]`-க்கு என்ன எண் போடுவது? "பெரிய எண் ஏதாவது" என்று 1,00,000 போட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. இறுதி விடை மாறாதுதான், ஆனால் மாடலைத் தீர்க்கும் மென்பொருளான சால்வர் திணறும். அது முதலில் `y`-ஐ 0 முதல் 1 வரை எந்தப் பின்னமாகவும் இருக்க விட்டு ஒரு தளர்ந்த கணக்கைப் போட்டு, செலவு இதற்குக் கீழே போகாது என்று ஒரு அடிவரம்பு கண்டுபிடிக்கும். மாதத் திறனுக்கு வரம்பே இல்லாதபோது உண்மையான குறைந்தபட்சம் 71,000: ஜனவரியில் 650, மார்ச்சில் 700, ஏப்ரலில் 900, மே மாதம் 1,100. `M` 1,00,000 என்றால் தளர்ந்த கணக்கு சொல்லும் அடிவரம்பு 502 ரூபாய் 50 காசு! `y` 0 என்றும் 1 என்றும் பிரித்துப் பிரித்துத் தேடும் சால்வரால் அதை வைத்துக்கொண்டு எந்தக் கிளையையும் வெட்ட முடியாது. `M[t]`-ஐ அந்த மாதத்திலிருந்து ஜூன் வரையான மீதித் தேவையாக (3350, 2950, 2700, 2000, 1100, 300) வைத்தால் அடிவரம்பு ஏறக்குறைய 34,700-க்கு ஏறுகிறது. `t` மாதம் வார்த்து `k` மாதத் தேவைக்குப் போவதை `w[t,k]` எனத் தனித்தனியாகப் பிரித்து `w[t,k] <= d[k]*y[t]` என்று எழுதினால், பின்னம் இல்லாமலே 71,000 வந்து நிற்கும். திறன் வரம்பு இல்லாத ஒற்றைப் பொருளுக்கு மட்டும்தான் இந்த உத்தரவாதம்.

ஆறு மாதத்துக்கு எப்படி எழுதினாலும் கணினி நொடியில் முடித்துவிடும். நாற்பது டை, பன்னிரண்டு மாதம் என்று போகும்போதுதான் வித்தியாசம் கண்ணில் படும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சால்வர்கள் 0.00001 போன்ற எண்ணையும் 0 என்று ஏற்றுக்கொள்ளலாம். `M` பத்து கோடி என்றால், `y` "பூஜ்யமாக" இருக்கும்போதே 1,000 பாடி வார்த்துக்கொள்ள வழி கிடைத்துவிடும். செட்டப் செலவே இல்லாமல் உற்பத்தி காட்டும் விடை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

இப்போது திறன் வரம்பு. மெஷினில் இந்த டைக்கு மாதம் மூன்று நாள்தான், நாளைக்கு 300, ஆக 900. மே மாதம் 1,100 என்ற பழைய திட்டம் செல்லாது. பைதானின் PuLP-இல் மாடலை இப்படி எழுதலாம்:

```python
import pulp as pl
d = [400, 250, 700, 900, 800, 300]
T, K, h, cap = range(6), 15000, 20, 900
m = pl.LpProblem("lot", pl.LpMinimize)
x = pl.LpVariable.dicts("x", T, 0)
s = pl.LpVariable.dicts("s", T, 0)
y = pl.LpVariable.dicts("y", T, cat="Binary")
m += pl.lpSum(K*y[t] + h*s[t] for t in T)
for t in T:
    m += (s[t-1] if t else 0) + x[t] == d[t] + s[t]
    m += x[t] <= min(cap, sum(d[t:])) * y[t]
m.solve()
```

விடை: ஜனவரி 650, மார்ச் 900, ஏப்ரல் 900, மே 900. நான்கு செட்டப்புக்கு 60,000, ஸ்டாக்குக்கு 19,000, மொத்தம் 79,000.

இதில் ஏப்ரலைக் கவனியுங்கள். 200 பாடி கையில் இருக்கும்போதே டை ஏறுகிறது. ஸ்டாக் தீர்ந்த மாதத்தில் மட்டும் உற்பத்தி செய்தால் போதும் என்பது 1958-இல் வாக்னரும் விட்டினும் காட்டியது. அவர்களுடைய வேகமான முறை அதன்மேல்தான் நிற்கிறது. வரம்பு வந்ததும் அது உடைகிறது. அதனால்தான் பைனரி மாடலுக்கு வர வேண்டியிருக்கிறது.

அனுபவமுள்ள சூப்பர்வைசர் கையால் போட்டிருந்தால் ஜனவரியில் 650, பிப்ரவரி லீவு, அப்புறம் மாதாமாதம் தேவைக்கு வார்ப்போம் என்றிருப்பார். ஐந்து செட்டப், 80,000. சால்வர் மிச்சம் பிடித்தது ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரமும் 15,000 என்ற எண்ணை நம்பித்தான் இருக்கிறது: செட்டப் செலவு 14,000-க்குக் கீழே போனால் சூப்பர்வைசர் திட்டம்தான் மலிவு.

ஆகவே அந்த 15,000-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். டை மாற்றும் இருவரின் சம்பளம் 3,000 அதில் சேர்ந்திருக்கிறது என்று வைப்போம். அவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், டை ஏறினாலும் ஏறாவிட்டாலும் சம்பளம் உண்டு. அப்படியானால் ஒரு செட்டப்பைத் தவிர்த்தால் உண்மையில் மிஞ்சுவது 12,000. `K = 12000` என்று ஓட்டினால் ஐந்து செட்டப் திட்டம் 65,000, நான்கு செட்டப் 67,000. கணக்குப்பிள்ளை தரும் "செட்டப் ரேட்"டை அப்படியே மாடலில் போடாதீர்கள். கழிவு, டீசல், கிரேன் வாடகை என்று நிஜமாகவே வெளியே போகும் பணத்தை மட்டும் சேருங்கள். செட்டப்பில் போகும் மெஷின் நேரம் வேறு விஷயம். அதை ரூபாயாக்காமல் வரம்புக்குள்ளேயே எழுதுவது நல்லது: செட்டப்புக்கு அரை நாள் பிடித்து, அதுவும் அந்த மூன்று நாளுக்குள்ளேதான் என்றால் `x[t] + 150*y[t] <= 900`. இப்படி எழுதினால் ஏப்ரல், மே மாதங்களில் 750-க்கு மேல் வார்க்க முடியாது, எல்லாம் முன்னே தள்ளப்பட்டுத் திட்டமே வேறாகிவிடும்.

ஜூன் கடைசியில் ஸ்டாக் பூஜ்யம் என்று மாடல் முடிப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு ஜூலை தெரியாது. ஜனவரி முடிவை மட்டும் உறுதியாக்கி, பிப்ரவரி தொடக்கத்தில் கையிலுள்ள ஸ்டாக்கையும் ஜூலை ஆர்டரையும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.