முருங்கை இலைச் சாற்றில் கேட்டலேஸ்: ஆய்வகப் பதிவேடு

தாராபுரம். காலை 9.30, அறை வெப்பம் 28 டிகிரி. இலை மூலனூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் விடியலில் உருவியது. ஈரத்துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வந்து சேர்ந்தது.

கேட்டலேஸ் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். உடையாமல் மிஞ்சியதை அமிலத்தில் பெர்மாங்கனேட்டால் தரம் பார்த்து, முதலில் இருந்ததிலிருந்து கழிப்பதே இந்த முறை.

```
2 H2O2 → 2 H2O + O2
2 KMnO4 + 5 H2O2 + 3 H2SO4 → K2SO4 + 2 MnSO4 + 8 H2O + 5 O2
```

0.01 M பெர்மாங்கனேட் 1 மி.லி. = 25 மைக்ரோமோல் பெராக்சைடு. கரைசலை ஆக்சாலிக் அமிலத்தால் சரிபார்த்தாயிற்று.

சாறு: 2 கிராம் இலையைக் குளிர்ந்த பாஸ்பேட் தாங்கல் கரைசலில் (pH 7.0) ஐஸ் மேல் வைத்த கல்வத்தில் அரைத்து, மல் துணியில் வடிகட்டி, 20 மி.லி. ஆக்கினேன். எல்லாவற்றுக்கும் காய்ச்சி வடித்த நீர்தான். எங்கள் ஊர் போர் தண்ணீரில் குளோரைடு அதிகம். அதுவும் பெர்மாங்கனேட்டை ஓரளவு தின்னும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொடாததும் இதனால்தான்.

செய்முறை: ஒவ்வொரு நேரத்துக்கும் தனிக் குடுவை. தாங்கல் கரைசலில் கலந்த பெராக்சைடு (ஏறத்தாழ 0.05 M) 10 மி.லி., அதில் சாறு 1 மி.லி. விட்டதும் ஸ்டாப்வாட்ச். நேரம் ஆனதும் 1 M சல்பியூரிக் அமிலம் 10 மி.லி.யை ஒரே மூச்சில் ஊற்றினேன். நொதி அங்கேயே நின்றுவிடும். சூடாக்கக் கூடாது, பெராக்சைடு தானாகவே சிதையும். முதல் சில துளிகள் நிறம் மாற நேரம் எடுக்கும். மாங்கனீஸ் அயனி சேரச் சேர வேகம் பிடிக்கும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிவு. கரைசல் அடர்நிறம் என்பதால் பியூரெட்டில் மேல் விளிம்பைப் படித்தேன்.

அளவீடுகள் (மி.லி.):
சாறு இல்லாமல்: 19.2
அமிலம் முதலில், பிறகு சாறு (0 நிமிடம்): 19.6
1 நிமிடம்: 16.9
2 நிமிடம்: 14.6
5 நிமிடம்: 10.1
கொதிக்க வைத்த சாறு, 5 நிமிடம்: 19.5

முதல் இரண்டுக்கும் இடையிலான 0.4 மி.லி. இலையின் பீனால் போன்றவை தின்றது. சாறு இல்லாத அளவீட்டை வைத்துக் கணக்கிட்டிருந்தால் செயல்திறன் குறைவாக வந்திருக்கும். கொதித்த சாறு ஏறக்குறைய அசையாததால், வேலை செய்தது நொதிதான்.

கணக்கு: முதல் நிமிடத்தில் 19.6 − 16.9 = 2.7 மி.லி. அதாவது 67.5 மைக்ரோமோல். 1 மி.லி. சாறு 0.1 கிராம் இலைக்குச் சமம். ஆகவே ஒரு கிராம் பச்சை இலைக்கு நிமிடத்துக்கு 675 மைக்ரோமோல்.

0.4 கழித்து முதல்படி மாறிலி போட்டேன்: 1 நிமிடத்தில் 0.152, 2-இல் 0.151, 5-இல் 0.137. பெராக்சைடே நொதியைச் சிதைக்கிறது போலும். 5 நிமிட எண்ணை வைத்து வேகம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

தள்ளியது: ஒரு குடுவைக்கு அமிலம் போட மறந்து பெர்மாங்கனேட்டை விட்டேன், கலங்கிய பழுப்பு, மாங்கனீஸ் டை ஆக்சைடு. கழுவவே பத்து நிமிடம் போனது. அந்த எண்ணை அடித்துவிட்டேன், அழிக்கவில்லை.