விடுதி டெபாசிட்டைத் திருப்பித் தரக் கோரி விண்ணப்பம்

12.01.2025

மதிப்பிற்குரிய காப்பாளர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாமாண்டு மாணவி. அறை எண் 214-இல் தங்கியிருந்தேன். அப்பாவின் உடல்நிலை காரணமாக நவம்பர் 28 அன்று விடுதியைக் காலி செய்து, இப்போது வீட்டிலிருந்தே கல்லூரிக்கு வருகிறேன். அன்றே சாவியை ஒப்படைத்து, நிலுவை இல்லை என்ற படிவத்தில் மெஸ் மேலாளரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

சேரும்போது கட்டிய டெபாசிட் 15,000 ரூபாய் இன்னும் வரவில்லை. சென்ற வாரம் அலுவலகத்தில் கேட்டபோது, 6,500 ரூபாய் பிடித்தம் போக மீதி வரும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எதற்காக இந்தப் பிடித்தம் என்று தெரியவில்லை.

மெஸ், மின்கட்டணம், அறைச் சேதம் என ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக எழுத்தில் தர வேண்டுகிறேன். பழுது பார்த்திருந்தால் அதன் ரசீது நகலும் வேண்டும். மின்விசிறி ரெகுலேட்டர் நான் சேர்ந்த நாளிலேயே உடைந்திருந்தது. அறைப் பதிவேட்டில் அப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை என் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை அம்மா. நடுவில் காலி செய்ததற்காகக் கழிப்பதென்றால், அந்த விதி எங்கே உள்ளது என்று காட்டுங்கள்.

அப்பாவின் மருத்துவச் செலவுக்கு இந்தப் பணம் மிகவும் தேவைப்படுகிறது. ஜனவரி 27-க்குள் விவரத்தைத் தந்து, மறுப்பில்லாத தொகையையாவது உடனே என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். டெபாசிட் ரசீது, படிவம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ம. கவிதா