குரூப் 4 இந்திய அரசியலமைப்புக் குறிப்புகள்: இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த வரம்புகளோடு

குரூப் 4 பொது அறிவுப் பகுதியில் வரும் இந்திய அரசியலமைப்புப் பாடத்துக்கான குறிப்புகளை இந்தப் பதிவோடு இணைத்திருக்கிறோம். கோப்பின் பெயர் `polity_g4_v3.pdf`. மொத்தம் 64 பக்கம், ஏ4 அளவு. காசு கிடையாது, பதிவு செய்யவோ எண் கொடுக்கவோ வேண்டாம்.

இது முழுப் பாடத்திட்டம் அல்ல. தாளில் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. இந்தக் கோப்பு அந்த 75-இல் ஒரு பகுதிக்கு மட்டும்தான். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால், இதை வைத்துக்கொண்டு தமிழை ஒதுக்கிவிட வேண்டாம். படிக்க உட்காரும் முன் தேர்வாணைய இணையதளத்தில் இருக்கும் பாடத்திட்டத்தோடு தலைப்புகளை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கிருந்து எடுத்தது

அடிப்படை, தமிழ்நாடு அரசின் 6 முதல் 10 வரையிலான சமூக அறிவியல் புத்தகங்களும் 12-ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகமும். பாடங்களை உருவாக்கியது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். வெளியிட்டது தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம். 2018-19இல் தொடங்கி வந்த புதிய பாடத்திட்டப் புத்தகங்களையே எடுத்தோம். பழைய சமச்சீர் புத்தகம் எதையும் தொடவில்லை. விதி எண்களையும் திருத்த ஆண்டுகளையும் அரசியலமைப்பின் மூலத்தோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். பயிற்சி மையங்களின் அச்சுக் குறிப்பிலிருந்து ஒரு வரிகூட இதில் இல்லை.

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு சிறு குறியீடு இருக்கும். ‘9ச’ என்றால் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல், ‘12அ’ என்றால் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல், ‘மூ’ என்றால் அரசியலமைப்பின் மூலம், ‘கு’ என்றால் நாங்கள் எழுதியது. உள்ளாட்சிப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு:

> 73-ஆவது திருத்தம்: பகுதி 9, விதிகள் 243 முதல் 243O வரை, 11-ஆவது அட்டவணை, 29 பொருள்கள். நடைமுறை: 24 ஏப்ரல் 1993. (9ச, மூ)
> 74-ஆவது திருத்தம்: பகுதி 9A, விதிகள் 243P முதல் 243ZG வரை, 12-ஆவது அட்டவணை, 18 பொருள்கள். நடைமுறை: 1 ஜூன் 1993. (மூ)
> பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் என்கிறது அரசியலமைப்பு. தமிழ்நாட்டில் 2016 முதல் 50 சதவீதம். கேள்வியில் ‘அரசியலமைப்பின்படி’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். (கு)

இரண்டாம் பதிப்பில் இதே பக்கத்தில் 29-ம் 18-ம் இடம் மாறியிருந்தன. மூன்றாம் பதிப்பில் திருத்திவிட்டோம். ஆனால் அந்தப் பழைய அட்டவணையை மட்டும் வெட்டிய படம் இன்னும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதில் பதிப்பு எண்ணும் இல்லை, ஓரக் குறியீடும் இல்லை. பார்ப்பவருக்கு அது பழையது என்று தெரிய வழியே இல்லை. கீழே உள்ள வரம்புகளில் பாதி இதற்காகத்தான்.

பாடப்புத்தகத்திலும் பழைய கணக்கு இருக்கலாம். 29 மாநிலம், 7 யூனியன் பிரதேசம் என்று பார்த்தால் அது 2019 அக்டோபருக்கு முந்தைய நிலை. 2020 ஜனவரி 26 முதல் 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம். இப்படி மாறிய இடங்களில் வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறோம். நிறம் பயன்படுத்தவில்லை, கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸில் நிறம் காணாமல் போய்விடும்.

நீங்கள் தாராளமாகச் செய்யலாம்

பதிவிறக்கி வைக்கலாம், அச்செடுக்கலாம், நண்பர்களுக்கு அனுப்பலாம், ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வைக்கலாம், இலவச வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தலாம். இரண்டு பக்க அச்சில் 32 தாள் வரும். கடைக்காரர் ஜெராக்ஸ் கூலியும் பைண்டிங் கூலியும் வாங்குவதில் தவறில்லை. டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் போடலாம். முழுக் கோப்பாக, அதே பெயரில், முதல் பக்கமும் கடைசித் திருத்தப் பக்கமும் சேர்த்துப் போடுங்கள்.

உண்மைத் தகவல் யாருக்கும் சொந்தமல்ல. 61-ஆவது திருத்தம் வாக்குரிமை வயதை 21-லிருந்து 18 ஆக்கியது என்று நீங்கள் உங்கள் சொற்களில் எழுத எங்களிடம் கேட்க வேண்டியதே இல்லை. எங்களுடையது என்று நாங்கள் சொல்வது ‘கு’ குறியிட்ட விளக்கங்கள், 23 ஒப்பீட்டு அட்டவணைகள், கடைசியில் உள்ள 210 பயிற்சிக் கேள்விகள் ஆகியவற்றை மட்டும்தான்.

செய்யக் கூடாதவை

விற்கக் கூடாது. பத்து ரூபாய் ‘விலை’ வைத்தாலும் அது விற்பனைதான். கட்டணச் செயலியிலோ கட்டண வகுப்பின் ‘மெட்டீரியல்’ ஆகவோ சேர்க்கக் கூடாது. மையத்தின் பெயர், முத்திரை, தொலைபேசி எண் எதையும் பக்கத்தின் மேல் போடக் கூடாது. முதல் பக்கத்தை நீக்கக் கூடாது. பக்கங்களைத் தனித்தனியாகப் பிரித்தோ படமாக வெட்டியோ பரப்பக் கூடாது. உள்ளே எதையாவது மாற்றிவிட்டு அதே பெயரில் விடக் கூடாது. பயிற்சிக் கேள்விகளை விளம்பர வருமானம் வரும் காணொளியில் வாசிப்பது, வேறு மொழியில் பெயர்ப்பது இரண்டுக்கும் முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றே சொல்வோம்.

‘மூலத்தைப் போட்டுவிட்டேன், இனி என்ன வேண்டுமானாலும் செய்யலாம்’ என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நன்றி போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு. சொந்தப் படிப்புக்கு நியாயமான அளவில் எடுத்தாள 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. அச்சிட்டு விற்பது சொந்தப் படிப்பு ஆகாது. இன்னொன்று: ‘9ச’, ‘12அ’ குறியிட்ட வரிகளுக்கு எங்களால் அனுமதி தர முடியாது, அந்த உரிமை எங்களிடம் இல்லை. பாடப்புத்தகப் படங்களையும் வரைபடங்களையும் அதனால்தான் எடுக்கவில்லை. அவை தேவைப்படுபவர்கள் பாடநூல் கழகத்தின் தளத்திலிருந்தே புத்தகத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

எங்கள் அட்டவணை ஒன்றை உங்கள் குறிப்பில் சேர்க்க வேண்டுமானால், பயன்பாடு இலவசமாக இருக்கும்வரை மூன்று அட்டவணை வரை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை நீங்களே தட்டச்சு செய்து, ஒவ்வொன்றின் கீழும் இந்த வரியை அப்படியே போடுங்கள்:

> குரூப் 4 அரசியலமைப்புக் குறிப்புகள், பதிப்பு 3, ஜூன் 2025. தொகுப்பு: நூலகப் படிப்புக் குழுவினர். அடிப்படை: தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள். விற்பனைக்கு அல்ல.

பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து வேர்டில் ஒட்டினால் தமிழ் எழுத்து உடையும். ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். எண்களும் சில சமயம் அடுத்த கட்டத்துக்குத் தாவும், அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தட்டச்சு செய்து முடித்ததும் விதி எண்களை மட்டும் தனியாக ஒருமுறை சரிபாருங்கள்.

பிழை கண்டால் பக்க எண், வரி, நீங்கள் பார்த்த புத்தகத்தின் வகுப்பு, அதில் எந்தப் பக்கம் என்ற நான்கையும் இங்கேயே எழுதுங்கள். ‘கேள்வி 47 தப்பு’ என்று மட்டும் சொன்னால் எந்தப் பதிப்பின் 47 என்று தெரியாது. சரிபார்த்து ஒரு வாரத்துக்குள் பதில் சொல்வோம். திருத்தம் உறுதியானால் அடுத்த பதிப்பின் கடைசிப் பக்கத்தில், சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரோடு வரும்.